புகாருக்குப் பதில்: வாதாடும் கடிதமும் வருந்தும் கடிதமும்

வாடிக்கையாளரின் புகாருக்கு எழுதப்படும் பதில் பெரும்பாலும் முதல் வரியிலேயே தடம் மாறுகிறது. எழுதுபவர் கெட்டவர் என்பதல்ல காரணம். புகாரைப் படித்ததும் ‘நம்மைக் குற்றம் சொல்கிறார்கள்’ என்றுதான் மனம் எடுத்துக்கொள்கிறது. உடனே கை வக்காலத்து எழுதத் தொடங்கிவிடுகிறது. புகார் செய்தவரோ தீர்ப்புக் கேட்டு எழுதவில்லை. நடந்தது என்ன என்று கடைக்குத் தெரிந்ததா, இனி என்ன செய்யப் போகிறார்கள் என்ற இரண்டைத்தான் அவர் கேட்கிறார். ‘யார் தப்பு?’ என்ற கேள்விக்குப் பதில் எழுதும் கடிதம் எவ்வளவு மரியாதையான சொற்களில் இருந்தாலும் அவருக்குச் சண்டையாகவே கேட்கும்.

ஒரு மாதிரிப் புகாரை எடுத்துக்கொள்ளலாம். மதுரையில் இருக்கும் ஒருவர், ஒரு கடையின் இணையதளத்தில் டேபிள் டாப் கிரைண்டர் வாங்குகிறார். வெள்ளிக்கிழமை மகளின் புதுமனை புகுவிழா. வியாழனுக்குள் வந்துவிடும் என்று கடை சொல்லியிருக்கிறது. கிரைண்டர் திங்கட்கிழமை வருகிறது. பிரித்தால் மூடியில் விரிசல். இடையில் அவர் மூன்று முறை போன் செய்தும் யாரும் எடுக்கவில்லை. அவர் கோபமாக எழுதுகிறார். செவ்வாய்க்கிழமை கடையிலிருந்து இப்படிப் பதில் போகிறது:

“தங்கள் புகார் பெறப்பட்டது. எங்கள் பொருட்கள் அனைத்தும் முழுமையாகப் பரிசோதிக்கப்பட்ட பிறகே அனுப்பப்படுகின்றன. தாமதத்துக்குக் கூரியர் நிறுவனமே காரணம். சேதம் இருந்தால் 24 மணி நேரத்துக்குள் போட்டோவுடன் தெரிவிக்க வேண்டும் என்பது எங்கள் விதிமுறை. இருப்பினும் நல்லெண்ண அடிப்படையில் மூடியை மாற்றித் தருவது குறித்துப் பரிசீலிக்கிறோம். தங்களுக்குச் சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்.”

இதில் ஒரு வசைச்சொல்கூட இல்லை. ஆனாலும் படித்தவர் முன்பைவிட அதிகமாகக் கொதித்துப் போவார். பரிசோதித்துத்தான் அனுப்பினோம் என்றால், மூடியை நீங்கள்தான் உடைத்திருப்பீர்கள் என்ற குத்தல் அதற்குள் இருக்கிறது. கூரியர் காரணம் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் பணம் கொடுத்தது கடைக்கு. கூரியரைத் தேர்ந்தெடுத்ததும் கடைதான். ‘ஏற்பட்டிருந்தால்’ என்ற சொல் இன்னும் மோசம். சிரமப்பட்டேன் என்று ஒருவர் பக்கம் பக்கமாக எழுதிய பிறகு, பட்டீர்களோ என்னவோ என்று சந்தேகப்படுகிறது அது. ‘நல்லெண்ண அடிப்படையில்’ என்றதும் அவருக்குச் சேரவேண்டியது தானமாக மாறிவிடுகிறது.

இதில் உள்ள பெரிய ஓட்டை எழுதிய வரிகளில் இல்லை, விட்டுப்போன வரியில் இருக்கிறது. மூன்று முறை போன் செய்தது பற்றிக் கடிதத்தில் மூச்சே இல்லை. விழாவைப் பற்றியும் இல்லை. மூடி ஒரு சின்னப் பொருள், மாற்றிவிடலாம். கூப்பிட்டும் யாரும் எடுக்காததுதான் அவரை உட்கார்ந்து எழுத வைத்திருக்கும். ஆகவே பதில் எழுதும் முன் செய்யவேண்டிய முதல் வேலை, புகாரில் எத்தனை குறைகள் இருக்கின்றன என்று தனித்தனியே குறித்துக்கொள்வது. இங்கே தேதி, மூடி, போன் என மூன்று. மூன்றும் பதிலில் வந்தாக வேண்டும்.

அதே பதிலை மாற்றி எழுதினால் இப்படி அமையும்:

“வணக்கம். மகள் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்காக நீங்கள் வாங்கிய கிரைண்டர், விழா முடிந்து மூன்று நாள் கழித்து, அதுவும் மூடி விரிசலோடு வந்திருக்கிறது. மூன்று முறை அழைத்தும் எங்கள் தரப்பில் யாரும் போனை எடுக்கவில்லை. வியாழனுக்குள் வரும் என்று சொன்னது நாங்கள்தான், சொன்னபடி செய்யவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். புது மூடியை இன்று மாலை அனுப்புகிறோம், வெள்ளிக்கிழமைக்குள் கைக்கு வந்துவிடும். அதற்குக் கட்டணம் இல்லை. பழைய மூடியைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். கிரைண்டரே இனி வேண்டாம் என்று நினைத்தால், நாங்களே ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தருகிறோம். எதுவானாலும் கீழே உள்ள எண்ணில் சொல்லுங்கள். புகாரைக் கவனிப்பவரின் நேரடி எண் அது.”

முதலில் நடந்தது வருகிறது, அதுவும் அவர் சொன்ன விவரங்களோடு. ‘உங்கள் உணர்வு எங்களுக்குப் புரிகிறது’ என்று எங்கும் சொல்லவில்லை. புதுமனை புகுவிழா என்ற ஒரு சொல்லே படித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று காட்டிவிடுகிறது. மன்னிப்பு ஒரே ஒரு முறை, ‘ஆனால்’ இல்லாமல் வருகிறது. பிறகு நாள் குறித்த தீர்வும், தேர்ந்தெடுக்கும் உரிமையும். ‘பரிசீலிக்கிறோம்’ போய் ‘அனுப்புகிறோம்’ வந்திருக்கிறது. கூரியர் காணாமல் போய்விட்டார். கூரியரோடு கடைக்கு உள்ள வழக்கைக் கடை தனியே பேசிக்கொள்ளலாம்.

முதல் கடிதம் காட்டிய 24 மணி நேர விதி சட்டத்தின் முன்னும் வலுவானதல்ல. இந்தியாவில் இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறையுள்ள பொருளையும், சொன்ன தேதிக்குப் பிந்தி வந்த பொருளையும் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக்கூடாது. இயற்கைச் சீற்றம் போன்ற, கையை மீறிய காரணத்தால் வந்த தாமதத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. கடைக்காரர் தாராள மனதோடு தருவதாக எழுதியது, தரக் கடமைப்பட்டதைத்தான்.

பெரிய நிறுவனங்களும் இதே இடத்தில் வழுக்கியிருக்கின்றன. 2017 ஏப்ரலில் சிகாகோவில் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து ஒரு பயணியைப் பாதுகாவலர்கள் இழுத்துச் சென்ற வீடியோ உலகெங்கும் பரவியது. நிறுவனத் தலைவரின் முதல் அறிக்கை, பயணிகளுக்கு ‘மாற்று ஏற்பாடு’ செய்ய நேர்ந்ததற்கு வருந்தியது. இழுபட்ட மனிதருக்கு நேர்ந்ததை அந்தச் சொல் மறைத்தது. ஊழியர்களுக்கு அவர் அனுப்பிய கடிதமோ பயணி மீதே குறை சொன்னது. கண்டனம் இரட்டித்தது. மறுநாளே முழுப் பொறுப்பேற்று மறுபடி மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

நிதானமாக எழுதுவது என்றால் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவது என்று அர்த்தமில்லை. வாரண்டி முடிந்த மோட்டாரை இலவசமாக மாற்றச் சொல்லி ஒருவர் எழுதினால், முடியாது என்றுதான் சொல்லியாக வேண்டும். அதை முன்னாலேயே, ஒரே முறை, காரணத்தோடு சொல்லிவிடுவது நல்லது: “வாரண்டி சென்ற மாதம் முடிந்துவிட்டது, அதனால் மோட்டாரை இலவசமாக மாற்ற முடியவில்லை. பழுது பார்க்க எவ்வளவு ஆகும் என்று கீழே எழுதியிருக்கிறோம். சம்மதம் என்றால் வீட்டுக்கே ஆள் வருவார்.” மறுப்பை ஐந்து வரி அனுதாபத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தால் ஏமாற்றியதாகவே தோன்றும். நடந்தது எதுவென்று இன்னும் தெளிவாகாதபோது குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். விசாரிக்கிறோம், இன்ன தேதிக்குள் சொல்கிறோம் என்பது போதும். சொன்ன தேதியில் சொல்லிவிட வேண்டும். யாருக்காவது காயம் பட்டிருந்தால் முதலில் உடல்நிலையை விசாரித்துவிட்டு, மீதியை வழக்கறிஞரைக் கேட்டு எழுதுவதே சரி.

எழுதிய பதில் எப்படி இருக்கிறது என்று அனுப்பும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். அதே பதிலை ஒரு எழுத்தும் மாற்றாமல் இன்னொரு வாடிக்கையாளருக்கு அனுப்ப முடிந்தால் அது வெறும் அச்சுப்பதில். எத்தனை ‘வருந்துகிறோம்’ இருந்தாலும் பலிக்காது. தேதியோ செயலோ இல்லாத மன்னிப்பும் அப்படியே. வாக்குறுதியைக் காப்பாற்ற முடியாத கடை இனிமையாக எழுதினால் இரண்டாவது புகார் முதலாவதைவிடக் காரமாக வரும்.

நிதானம் என்பதற்காக நாளைக் கடத்தவும் வழியில்லை. அதே 2020 விதிகளின்படி, இணைய வணிக நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்ததை உறுதிசெய்ய வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அதற்கும் பலன் இல்லையென்றால் வாடிக்கையாளர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குத் தொடுக்கலாம்.