உஷார்! லீவ் லெட்டரில் ‘காய்ச்சல்’ என்று எழுதாதீர்கள்

காலை ஏழரை மணிக்குப் பையனுக்கு வயிற்று வலி. வேன் போன அரை மணி நேரத்தில் வலி போய், இட்லி கேட்கிறான். சனிக்கிழமை வலியே இல்லை. ஞாயிறு சாயங்காலம் யூனிஃபார்மை இஸ்திரி போடும்போதே முகம் வாடிவிடுகிறது. உங்கள் வீட்டில் இது இரண்டு வாரமாக நடக்கிறதென்றால் தயவுசெய்து அசட்டையாக இருக்காதீர்கள். பிள்ளை நடிக்கவில்லை. பயத்தில் வயிறு நிஜமாகவே வலிக்கும். இது கட் அடிப்பதும் அல்ல. கட் அடிக்கிற பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் ஊர் சுற்றும். இந்தப் பிள்ளையோ உங்கள் கண்ணெதிரே அழுதுகொண்டு வீட்டிலேயே இருக்கும்.

முதலில் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைவது, தொடர் வாந்தி இருந்தால் அது வேறு விஷயம். அதெல்லாம் இல்லை என்றான பிறகும் பள்ளிக்கு ‘காய்ச்சல்’ என்றே எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்பதுதான் பெரிய ஆபத்து. வீட்டில் இருந்துவிட்டால் பயம் அந்த நிமிடமே அடங்குகிறது. ‘போகாவிட்டால் நிம்மதி’ என்று மனது பழகுகிறது. ஒவ்வொரு நாள் லீவும் மறுநாள் படியேறுவதை இன்னும் கடினமாக்குகிறது. இதற்குள் பாடம் பின்தங்கும், நண்பன் வேறு பெஞ்சுக்குப் போய்விடுவான். ஆசிரியைக்கு எதுவுமே தெரியாது. பையன் திரும்பி வரும் அன்று, “என்னப்பா, இப்பதான் வழி தெரிஞ்சுதா?” என்று சாதாரணமாகக் கேட்டுவிடுவார். வகுப்பே சிரிக்கும். மறுநாள் மறுபடி வயிற்று வலி.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். ஆறாம் வகுப்பில் பெரிய பள்ளி, இங்கிலீஷ் மீடியம். ஒருநாள் எழுந்து வாசிக்கச் சொன்னபோது திக்கினான். பின் பெஞ்சில் சிரித்தார்கள். அங்கிருந்து ஆரம்பித்தது. புதுப் பள்ளிக்கு மாறும்போதும் நீண்ட விடுமுறைக்குப் பிறகும் இது அதிகம் தலைகாட்டும். அவனுடைய அம்மா கடைசியில் வகுப்பாசிரியைக்கு உண்மையை எழுதினார். ஏறக்குறைய இப்படி:

“அம்மா, வணக்கம். என் மகனுக்கு உடம்பில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வகுப்பில் எழுந்து வாசிக்க அவனுக்குப் பயம். அதனால்தான் வரவில்லை. திங்கட்கிழமை முதல் தினமும் அனுப்புகிறேன். முதல் மூன்று நாள் பிரேயர் முடிந்தபின் வந்து, இரண்டு பீரியட் இருந்துவிட்டுப் போக அனுமதி தாருங்கள். அடுத்த மூன்று நாள் மதியம் வரை. அதன்பின் முழுநாள். இரண்டு வாரம் மட்டும் அவனை எழுந்து வாசிக்கச் சொல்ல வேண்டாம். அதற்குப் பிறகு நண்பனோடு சேர்ந்து நான்கு வரி வாசிக்கட்டும். ஏன் வரவில்லை என்று வகுப்பில் கேட்காதிருந்தால் போதும். அழுதால் ஸ்டாஃப் ரூமில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வகுப்புக்குத் திரும்பட்டும். என்னைக் கூப்பிட வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்களை வந்து பார்க்கிறேன்.”

இந்தக் கடிதத்தில் பயம் எதைப் பற்றியது என்று சொல்லியிருக்கிறார். நேரத்திலும் வாசிப்பிலும் கேட்ட சலுகைக்கு முடிகிற நாள் இருக்கிறது. ‘கொஞ்சம் பார்த்துக்கோங்க மிஸ்’ என்று பொதுவாக எழுதினால், நாற்பது பிள்ளைகளை வைத்திருக்கும் ஆசிரியை என்னதான் செய்வார்? ‘அழுதால் கூப்பிட வேண்டாம்’ என்பதுதான் பெற்றவர்களுக்கு மிகக் கஷ்டமான வரி. ஆனால் அழுகை உச்சத்தில் இருக்கும்போது கூட்டி வந்தால், அழுதால் வீட்டுக்குப் போகலாம் என்ற பாடம்தான் பதியும். போகும் நேரம் முன்பே பேசியதாக இருக்க வேண்டும். அழுகை அடங்கும்வரை அங்கேயே இருந்தால்தான், பயம் தானாகவே குறையும் என்பது அவனுக்குத் தெரியவரும்.

அந்தப் பையன் ஒரு வாரம் ஒழுங்காகப் போனான். இரண்டாவது திங்கட்கிழமை மறுபடி முரண்டு பிடித்தான். அது தோல்வி அல்ல. லீவுக்கு அடுத்த நாள் அப்படித்தான் இருக்கும். பேசிய நேரம் முழுக்க முடியாவிட்டால் அன்று இரண்டு பீரியடுக்காவது அனுப்புங்கள். வீட்டில் இருக்க நேர்ந்தால் டிவியும் போனும் பள்ளி நேரம் முடியும்வரை கிடையாது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. பிள்ளை பயப்படுவது ஒரு ஆளுக்கு என்றால், யாராவது அடிக்கிறார், தொடுகிறார், மிரட்டுகிறார் என்று சந்தேகம் வந்தால், படிப்படியாக அனுப்பும் இந்த வழி பொருந்தாது. முதலில் பிள்ளையைப் பத்திரப்படுத்துங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசுங்கள். பள்ளியில் அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் 2009 கல்வி உரிமைச் சட்டமே தடை செய்திருக்கிறது. ‘செத்துப்போயிடலாம் போல இருக்கு’ என்று பிள்ளை சொன்னாலோ, சாப்பாடும் தூக்கமும் கெட்டாலோ உடனே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்; 14416 எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

மற்றபடி, அடுத்த லீவ் லெட்டருக்குப் பேனா எடுக்கும்போது ‘காய்ச்சல்’ என்ற பொய்யை விட்டுவிட்டு, வகுப்பாசிரியைக்கு நடந்ததை எழுதுங்கள். இன்று சாயங்காலமே எழுதுங்கள்.