காலர் மைக்கில் புகுந்த காற்றும் துணிச் சரசரப்பும்

காலர் மைக்கில் பதிவான பேட்டியில் கேட்கும் 'குமு குமு' என்ற காற்றிரைச்சலில் பெரும்பகுதி மைக்கின் முனையிலேயே உண்டாகிறது. அங்கு மோதும் காற்று சுழன்று, உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வை நேரடியாகத் தள்ளுகிறது. சட்டை மடிப்போ புடவைத் தலைப்போ மைக்கை உரசும்போது எழும் சரசரப்பு வேறு வகை. பிறகு கணினியில் நீக்க உட்காரும்போது காற்று பெரும்பாலும் வழிவிடும். சரசரப்பு லேசில் விடாது.

காற்றிரைச்சலின் பலம் பெரும்பாலும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. ஆண்குரலின் அடிச்சுருதி ஏறத்தாழ 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை. சொல்லைப் புரியவைக்கும் ஒலிகள் அதற்கு வெகு மேலே. அதனால் அடிப்பகுதியை வெட்டினாலும் பேச்சு பிழைத்துக்கொள்ளும். துணிச் சரசரப்போ ச, ஷ, ட போன்ற மெய்யொலிகள் இருக்கும் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் பகுதியிலேயே பரவுகிறது. அதை மொத்தமாக வெட்டினால் பேச்சின் தெளிவும் கூடவே போய்விடும்.

ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிப் பக்கம், காற்றாலைகளுக்கு அருகே வயலில் நிற்கும் ஒரு விவசாயியைப் பேட்டி எடுத்ததாக வைத்துக்கொள்வோம். மைக்குக்குப் பஞ்சு உறை மட்டும்தான். அவர் கஞ்சி போட்ட சட்டை அணிந்திருக்கிறார். பதிவை முதலில் ஹெட்போனில் கேட்க வேண்டும். போன், லேப்டாப் ஸ்பீக்கர்களில் அடிச்சுருதி ஒலிகள் சரியாக வராததால் காற்று அடங்கியிருப்பதுபோலத் தோன்றும். டிவியில் போட்டதும் உறுமும். காற்று வீசும் நேரத்தில் குரலே கரகரவென்று உடைகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். உடைந்தால் மைக்கோ பதிவுக் கருவியோ தாங்கும் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் குரலின் வடிவமே சிதைந்திருக்கும். எந்த வடிகட்டியும் அதை மீட்காது. அந்த வாக்கியத்தைத் திரும்பச் சொல்லவைப்பதோ விட்டுவிடுவதோதான் வழி.

குரல் உடையவில்லை என்றால், இலவச மென்பொருளான ஆடாசிட்டியே போதும். முழுப் பதிவுக்கும் `High-Pass Filter` விளைவை 80 ஹெர்ட்ஸில், `Roll-off` 24 dB வைத்துக் கொடுக்கலாம். சத்த அளவைச் சமப்படுத்தும் கம்ப்ரஸரை இதற்குப் பிறகுதான் போட வேண்டும். முன்னே போட்டால் அது காற்றின் உறுமலைக் குரல் என்று நினைத்து, ஒவ்வொரு வீச்சின்போதும் பேச்சை அமுக்கிவிடும்.

இதற்கும் அடங்காத பலத்த வீச்சுகள் இரண்டு மூன்று நொடிகள் நீடிக்கும். அந்தத் துண்டை மட்டும் தேர்ந்தெடுத்து, வெட்டும் எல்லையை 160, 180 ஹெர்ட்ஸ் வரை உயர்த்தலாம். அடிச்சுருதியே போனாலும் காது மேலிருக்கும் சுருதிகளைக்கொண்டு அதை ஊகித்துக்கொள்ளும். குரல் சற்று மெலியும். முழுப் பேட்டிக்கும் இதைச் செய்தால்தான் உறுத்தும். பலரும் முதலில் ஓடுவது `Noise Reduction` பக்கம். ஃபேன், ஜெனரேட்டர் போல மாறாத இரைச்சலின் மாதிரியை எடுத்துக் கழிக்கும் கருவி அது. நொடிக்கு நொடி மாறும் காற்றுக்கு மாதிரி ஏது? கூட்டிப் போட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலாகும்.

சரசரப்புக்குக் கைவேலைதான். டிராக்கை `Spectrogram` காட்சிக்கு மாற்றினால் உரசல் மேலும் கீழும் நீண்ட மங்கலான கீற்றாகத் தெரியும். சொற்களுக்கு இடையே விழுந்ததை, அதே இடத்தில் யாரும் பேசாதபோது பதிவான வெளிச்சத்தத்தால் மாற்றிவிடலாம். முற்றிலும் மௌனமாக்கினால் பின்னணி திடீரென்று அறுந்து, உரசலைவிட அதிகமாகக் காதில் படும். சொல்லின் மேலேயே விழுந்த உரசலுக்கு, அந்த நேரத்தையும் அலைவெண் பகுதியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, அந்தப் பட்டையை மட்டும் 10 டெசிபல் அளவுக்குக் குறைத்துப் பார்க்கலாம். மெய்யொலி மழுங்கினால் குறைப்பைப் பாதியாக்க வேண்டும். நம் விவசாயி 'நெல்லு சாஞ்சிருச்சு' என்று சொல்லும்போது 'சா' மேல் சட்டை உரசியிருந்தால், கொஞ்சம் சரசரப்பை விட்டுவைப்பதே மேல்; 'சா' தேய்ந்தால் கேட்பவருக்குச் சொல்லே புரியாது.

இந்த வேலையில் பெரும்பகுதியைப் பதிவின்போதே குறைக்கலாம். காற்றுக்கு, மைக்கைச் சுற்றிக் காற்றசையாத ஓர் அடுக்கை உண்டாக்கும் ரோம உறை பஞ்சு உறையைவிட நன்றாக உதவும். மைக்கைச் சட்டைக்கு வெளியே, பொத்தான் பட்டியில் மாட்டி, வயரை கிளிப்புக்குக் கீழே ஒரு சுற்றுச் சுற்றி டேப்பால் ஒட்டினால், வயர் இழுபடும் அதிர்வு மைக்குக்கு ஏறாது. கஞ்சி போட்ட துணியும் பட்டும் அதிகம் சத்தம் போடும். மென்மையான பருத்தி குறைவாக. பேட்டி முடிந்ததும் அதே இடத்தில், அதே மைக்கில், யாரும் பேசாமல் அரை நிமிடம் பதிந்துவைத்தால், பின்னால் இடைவெளிகளை ஒட்டுப்போட அந்தத் துண்டுதான் உதவும்.