வைஃபை இருக்கிறது, படம் ஓடவில்லை

‘வைஃபை இணைந்துவிட்டது’ என்கிறது டிவி. படம் பார்க்கும் செயலியைத் திறந்தாலோ, ‘நெட்வொர்க் இல்லை’ என்கிறது. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். வைஃபை இணைப்பு என்பது டிவிக்கும் வீட்டு ரூட்டருக்கும் இடையிலான தொடர்பு மட்டுமே. அதற்கு அப்பால் எங்கே தடை என்பதைத்தான் தேட வேண்டும்.

முதலில் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் டிவியை இணைத்துப் பாருங்கள். செயலிகள் ஓடினால் டிவியில் பெரிய கோளாறு இல்லை. வீட்டு வைஃபைக்காக டிவியில் வைத்திருக்கும் அமைப்பையோ ரூட்டரையோதான் பார்க்க வேண்டும். ஹாட்ஸ்பாட்டிலும் ஓடாவிட்டால் டிவியின் தேதியைப் பாருங்கள்.

தேதிக்கும் இணையத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. செயலி தன் சர்வரை அணுகும்போது சர்வர் ஒரு பாதுகாப்புச் சான்றிதழைக் காட்டும். அது எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும் என்று அதிலேயே பதிந்திருக்கும். டிவியின் கடிகாரம் 2018-இல் நின்றிருந்தால், இந்த ஆண்டு வழங்கிய சான்றிதழ் அதற்கு ‘இன்னும் தொடங்காத’ ஒன்று. செயலி இணைப்பை மறுத்துவிடும்.

ஊருக்குப் போகும்போது பிளக்கைப் பிடுங்கி வைத்த டிவியில் இப்படி நேரலாம். பல டிவிகள் மின்சாரம் வந்ததும் இணையத்திலுள்ள நேர சர்வரைக் கேட்டுத்தான் மணியைச் சரிசெய்துகொள்கின்றன. தேதியைக் கையால் மாற்றியதும் படம் ஓடினால் காரணம் பிடிபட்டது. உடனே தானியங்கி நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். அடுத்த முறை பிளக்கைப் பிடுங்கி மாட்டியதும் தேதி மறுபடி பின்னால் போய் நின்றால், நேர சர்வரை டிவியால் எட்ட முடியவில்லை என்று பொருள்.

அதற்கு டிஎன்எஸ் காரணமாகலாம். சர்வரின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ். வீட்டில் பெரும்பாலும் ரூட்டர் வழியாகவே அது நடக்கிறது. அது பதில் தராவிட்டால் நேர சர்வரும் கிடைக்காது, செயலியின் சர்வரும் கிடைக்காது. டிவியின் நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் இடத்தில் மட்டும் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று இட்டுப் பாருங்கள். சில டிவிகள் இதற்கு ஐபி முகவரியையும் கேட்கும். அப்போது ஏற்கெனவே காட்டிய ஐபி, கேட்வே எண்களைக் குறித்துவைத்து அப்படியே இடுங்கள்.

அதிலும் தீராவிட்டால் ரூட்டரின் பக்கத்தைத் திறந்து, இணைந்த கருவிகளின் பட்டியலில் டிவியைத் தேடுங்கள். குழந்தைகளுக்கான நேரக் கட்டுப்பாடு அதன்மேல் விழுந்திருந்தால், வைஃபை இணைந்தே இருக்கும். இணையம் மட்டும் நின்றிருக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பழைய டிவியில் செயலி மறுக்கலாம். நம்பத்தகுந்த சான்றிதழ் நிறுவனங்களின் பட்டியல் டிவியின் மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. 2021 செப்டம்பர் 30 அன்று அப்படிப்பட்ட ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, உலகெங்கும் பல பழைய கருவிகள் சில தளங்களைத் திறக்க முடியாமல் தவித்தன. மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால் போடுங்கள். தயாரிப்பாளர் அதை நிறுத்தியிருந்தால், எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்று போதும். புது டிவி வாங்க வேண்டியதில்லை.