அம்பேத்கர் முனைவரானது எந்த ஆண்டு?

அம்பேத்கர் டாக்டர் பட்டம் பெற்றது எந்த ஆண்டு என்று தேடிப் பாருங்கள். ஒரு நூல் 1917 என்று சொல்லும். இன்னொன்று 1923 என்று சொல்லும். மூன்றாவது ஒன்று 1927 என்று அடித்துச் சொல்லும். மூன்றும் அச்சில் இருப்பவைதான். படிக்கிறவர் குழம்பிப்போய், ஏதோ ஒன்றை எடுத்து எழுதிவிடுகிறார். பள்ளிப் பேச்சுப் போட்டியிலிருந்து மலர்க் கட்டுரை வரை அந்தக் குழப்பம் நகலாகிக்கொண்டே போகிறது.

ஓர் அறிஞரின் ஆய்வேட்டுத் தலைப்பு, ஆண்டு, நெறியாளர் பெயர் ஆகிய மூன்றையும் எங்கே, எப்படிச் சரிபார்ப்பது என்பதற்கு அம்பேத்கரைவிட நல்ல பாடம் கிடைக்காது. அவருக்கு ஆய்வின் வழியே வந்த டாக்டர் பட்டங்கள் இரண்டு. அவற்றின் தடயங்கள் நியூயார்க்கிலும் லண்டனிலும் இன்றும் இருக்கின்றன.

நான்கு ஆண்டுகள், ஒரே ஆய்வேடு

முதலில் ஓர் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஓர் ஆய்வேட்டுக்கு ஓர் ஆண்டுதான் உண்டு என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் நான்கு வரை இருக்கலாம். பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்த ஆண்டு, தேர்வாளர்கள் ஏற்றுக்கொண்ட ஆண்டு, பட்டம் வழங்கப்பட்ட ஆண்டு, நூலாக வெளிவந்த ஆண்டு. பெரும்பாலோருக்கு இவை ஓரிரு ஆண்டுக்குள் அடங்கிவிடும். அம்பேத்கருக்குப் பத்தாண்டுக்கு மேல் நீண்டது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1913 முதல் 1916 வரை அவர் படித்தார். இந்தியாவின் தேசிய வருவாய் பங்கீடு பற்றிய ஆய்வேட்டை அங்கே 1916-17 காலத்தில் கொடுத்தார் என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1917 என்று எழுதுகிறவர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான். ஆனால் அந்நாளில் கொலம்பியாவில் ஆய்வேடு ஏற்கப்பட்டால் மட்டும் பட்டம் கைக்கு வராது. அதை அச்சிட்டு, படிகளைப் பல்கலைக்கழகத்தில் சேர்ப்பித்தால்தான் பட்டம். அச்சுச் செலவு மாணவருடையது. கையில் பணமில்லாத ஒருவருக்கு அந்த விதி எவ்வளவு பெரிய தடை என்று எண்ணிப் பார்க்கலாம்.

1925இல் லண்டனில் பி.எஸ். கிங் பதிப்பகம் ‘பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதியின் பரிணாமம்’ என்ற பொருளுள்ள ஆங்கில நூலை வெளியிட்டது. கொலம்பியா அவருக்கு முறைப்படி பிஎச்.டி. பட்டம் வழங்கியது 1927 ஜூனில். ஆகவே ‘கொலம்பியாவில் பட்டம் பெற்ற ஆண்டு 1927’ என்பதுதான் பதிவுக்குப் பொருந்தும் விடை. 1917 என்பது ஆய்வேடு கொடுத்த காலத்தைக் குறிக்கிறது.

தலைப்பிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 1925இல் வந்த நூலின் துணைத்தலைப்பு, பேரரசு நிதி மாகாணங்களுக்குப் பரவலாக்கப்பட்டதைப் பற்றியது. ஏறத்தாழ இதே தலைப்பில்தான் 1921இல் லண்டனில் அவர் எம்.எஸ்சி. ஆய்வேடு எழுதினார். பட்டியலில் தலைப்பை மட்டும் பார்த்து ஓடுகிறவர், முதுகலை ஆய்வேட்டை முனைவர் ஆய்வேடாக எழுதிவிட வாய்ப்பு அதிகம். கொடுத்தபோது இருந்த தலைப்பு அச்சில் மாறியிருக்கலாம் என்பதையும், ஒரே தலைப்பு இரண்டு பட்டங்களோடு ஒட்டியிருக்கலாம் என்பதையும் இந்த ஒரு நூலே காட்டிவிடுகிறது.

1923 எங்கிருந்து வந்தது?

இன்னொரு ஆண்டான 1923 வேறொரு பட்டத்துக்கு உரியது. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் படித்து, ‘ரூபாயின் சிக்கல்’ என்ற பொருளில் எழுதிய ஆய்வேட்டுக்காக அவர் பெற்றது டி.எஸ்சி. பட்டம். நூலகப் பட்டியலில் ‘பிஎச்.டி.’ என்று வடிகட்டித் தேடினால் இது அகப்படாமலே போகக்கூடும். தேடும்போது பட்டத்தின் பெயரைத் திறந்துவிட வேண்டும் என்பதற்கு இது சான்று.

பட்டம் வழங்கியது எந்த நிறுவனம் என்பதிலும் கவனம் வேண்டும். எல்.எஸ்.இ. தன் பெயரிலேயே பட்டம் வழங்கத் தொடங்கியது 2008இல்தான். அதற்கு முன் அங்கே படித்தவர்களுக்குப் பட்டம் தந்தது லண்டன் பல்கலைக்கழகம். எனவே பழைய ஆய்வேட்டைத் தேடுகிறவர் கல்லூரி நூலகத்தோடு நின்றுவிடாமல், லண்டன் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் நூலகப் பட்டியலையும் பார்க்க வேண்டும். நம் ஊரிலும் இதே கதைதான். படித்தது ஒரு கல்லூரியின் ஆய்வுத் துறையில் இருக்கும். பட்டம் அந்தக் கல்லூரி இணைந்திருந்த பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கும்.

எல்.எஸ்.இ.யில் அம்பேத்கரின் மாணவர் கோப்பு பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்து அந்நிறுவனம் வெளியிட்ட விவரத்தின்படி, ஆய்வேடு 1923 மார்ச்சில் கொடுக்கப்பட்டது. அப்போது ஏற்கப் பரிந்துரைக்கப்படவில்லை. ஆகஸ்டில் மறுபடி கொடுக்கப்பட்டு நவம்பரில் ஏற்கப்பட்டது. அது ஆங்கில ஆட்சிக்கு எதிராக இருந்ததால்தான் முதலில் திருப்பப்பட்டது என்று ஒரு செய்தி பரவலாக வழங்குகிறது. கோப்பில் அதற்கான குறிப்பு எதுவும் இல்லை. நூலகப் பட்டியல் ஓர் ஆண்டை மட்டும் தரும். அந்த ஆண்டுக்குள் என்ன நடந்தது, எது வெறும் செவிவழிச் செய்தி என்பதை மாணவர் கோப்புதான் சொல்லும்.

நெறியாளரை எங்கே தேடுவது?

மூன்றில் கடினமானது நெறியாளர் பெயர். பழைய நூலகப் பட்டியல்களில் அதற்கென்று இடமே இருக்காது. நூலகர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் மார்க் என்ற பதிவு முறையில், ஆய்வேட்டுக் குறிப்புக்கு 502 என்ற எண்ணுள்ள புலம் உண்டு. அது பெரும்பாலும் இந்த வடிவில் இருக்கும்:

```
502 $a Thesis (Ph. D.)--University, Year
```

பட்டம், பல்கலைக்கழகம், ஆண்டு ஆகியவை இதிலேயே கிடைத்துவிடும். அச்சு நூல் ஒன்றின் பதிவில் இந்த வரி இருந்தால், அது ஆய்வேடாகவும் பயன்பட்டது என்று பொருள். இணையப் பட்டியலில் சாதாரணப் பார்வையில் இது மறைந்திருக்கலாம். முழுப் பதிவையோ நூலகர் பார்வையையோ திறந்தால் தெரியும். ஆனால் நெறியாளர் பெயர் இந்த வரியில் வராது. அண்மைக் காலப் பதிவுகளில் அதைத் தனிப் புலத்தில் சேர்க்கிறார்கள். நூறாண்டு பழைய பதிவில் அதை எதிர்பார்க்க முடியாது.

அப்போது செய்ய வேண்டியது, நூலையே கையில் எடுத்து முன்பக்கங்களைப் படிப்பது. ‘ரூபாயின் சிக்கல்’ நூலின் முன்னுரையில் அம்பேத்கர் தம் ஆசிரியர் எட்வின் கேனனுக்கு நன்றி சொல்கிறார். இந்த நூல் அவருடைய நெருங்கிய மேற்பார்வையில் உருவானது என்றும் தாமே எழுதுகிறார். இதைவிட உறுதியான சான்று வேண்டியதில்லை. அதே நூலுக்குக் கேனன் எழுதிய அணிந்துரையில், அம்பேத்கரின் முடிவுகளில் தமக்கு உடன்பாடில்லாதவை உண்டு என்று வெளிப்படையாகச் சொல்கிறார். ஆனாலும் அவற்றின் புதுமையை மெச்சுகிறார். ஓர் ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே இருந்த நேர்மையான உறவை எந்த அட்டவணையும் இப்படிக் காட்டாது.

1925ஆம் ஆண்டு நூலில் நிலைமை சற்று வேறு. அதற்கு அணிந்துரை எழுதியவர் கொலம்பியாப் பேராசிரியர் எட்வின் செலிக்மன். பொதுநிதியில் முதல் பாடங்களை அவரிடம் கற்றதாக அம்பேத்கர் நன்றியோடு சொல்கிறார். செலிக்மன் அவரது ஆசிரியர் என்பதை இது ஐயமற நிறுவுகிறது. ஆனால் ‘என் மேற்பார்வையாளர்’ என்ற சொல்லுக்கும் ‘என் ஆசிரியர்’ என்ற சொல்லுக்கும் வேறுபாடு உண்டு. கேனனுக்குக் கிடைத்த சான்று முதல் தரம். செலிக்மனுக்கு இந்த நூல் தருவது அதற்கு அடுத்த படி. குறிப்பெழுதுகிறவர் இந்த வேறுபாட்டையும் சேர்த்தே எழுத வேண்டும். அணிந்துரை எழுதியவரையெல்லாம் நெறியாளராக்கிவிடுவது பல வாழ்க்கை வரலாறுகளில் நடக்கும் பிழை.

நம் ஊர் ஆய்வேடுகள்

இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இன்று முதல் வாசல் ‘ஷோத்கங்கா’. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் இணையக் களஞ்சியம் இது. 2009ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகளுக்குப் பின் ஆய்வேடுகளின் மின்படிகள் இங்கே சேரத் தொடங்கின. ஒவ்வொரு பதிவிலும் `Title`, `Researcher`, `Guide(s)`, `University`, `Completed Date` என்று தனித்தனிப் புலங்கள் இருக்கும். நாம் தேடும் மூன்றும் ஒரே திரையில் கிடைத்துவிடும். ஆனாலும் `Completed Date` என்பதில் ஒருவர் ஒப்படைத்த ஆண்டையும் இன்னொருவர் பட்டம் பெற்ற ஆண்டையும் இட்டிருக்கலாம். அதனால் முகப்புப் பக்கத்தையும், நெறியாளர் கையொப்பமிட்ட சான்றிதழ்ப் பக்கத்தையும் திறந்து பார்ப்பது நல்லது. நெறியாளர் பெயருக்கு அந்தச் சான்றிதழே நேரடி ஆதாரம். அதிலுள்ள தேதி, ஒப்படைத்த காலத்தைக் காட்டும்.

பழைய ஆய்வேடுகள் பல அங்கே இல்லை. அவற்றுக்குப் பல்கலைக்கழக நூலகத்தின் ஆய்வேட்டுப் பிரிவுக்கே போக வேண்டும். இந்தியப் பல்கலைக்கழகச் சங்கம் தன் ‘யுனிவர்சிட்டி நியூஸ்’ இதழில் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் பட்டியலை வெளியிட்டு வந்திருக்கிறது. பட்டம் வழங்கியதற்கான உறுதி வேண்டுமென்றால் பட்டமளிப்பு விழாப் பட்டியலோ தேர்வுப் பிரிவின் அறிவிப்போ கைகொடுக்கும்.

தமிழ்ப் பெயர்களைத் தேடும்போது எழுத்துக்கூட்டல் பெரிய இடர். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்த கார்த்திகேசு சிவத்தம்பியின் பெயர், அவருடைய ஆங்கில நூல்களில் Sivathamby என்று இருக்கும். தமிழ் நூல்களுக்கான நூலக ஒலிபெயர்ப்பு முறையில் அதே பெயர் Civattampi என்று வரும். ஓர் எழுத்துக்கூட்டலில் தேடி ஒன்றும் வராவிட்டால் நூல் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. தலைப்பெழுத்தை முன்னும் பின்னும் மாற்றி, பெயரை விட்டுத் தலைப்பின் ஒரு சொல்லாலும் தேட வேண்டும். பெயரால் கிடைக்காத ஆய்வேடு, பல்கலைக்கழகத்தையும் ஆண்டையும் சேர்த்துத் தேடினால் கிடைப்பதுண்டு.

ஓர் அறிஞரைப் பற்றி எழுத உட்காரும்போது, ‘முனைவர் பட்டம்: 1927’ என்று வெறும் எண்ணை எழுதாதீர்கள். ஒப்படைத்ததா, ஏற்கப்பட்டதா, வழங்கப்பட்டதா, அச்சானதா என்பதையும், அதை எந்தப் பக்கத்தில் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அம்பேத்கருக்கு அது இப்படி அமையும்: லண்டனில் டி.எஸ்சி., ஆய்வேடு ஏற்கப்பட்டது 1923 நவம்பர், மேற்பார்வை கேனன், சான்று நூலின் முன்னுரை, கொலம்பியாவில் பிஎச்.டி., நூலானது 1925, பட்டம் வழங்கப்பட்டது 1927, ஆசிரியர் செலிக்மன்.