ஆஃபர் லெட்டரில் இல்லாத கணக்கு

பிரிட்டனில் ஓராண்டு எம்.எஸ்சி. படிக்க, லண்டனுக்கு வெளியே இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் மகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆஃபர் லெட்டரில் கட்டணம் 18,000 பவுண்டு. பவுண்டு 115 ரூபாய் என்றால் 20 லட்சத்து 70 ஆயிரம். பல வீடுகளில் கணக்கு இதோடு முடிந்துவிடுகிறது. உண்மையில் இது பாதிதான்.

அடுத்தது தங்கும் செலவு. விசாவுக்காக மாதம் 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்குப் பணம் காட்டச் சொல்கிறார்கள். அதையே ஆண்டுச் செலவு என்று எடுத்துக்கொள்வதில்தான் பலரும் தவறுகிறார்கள். படிப்பு பன்னிரண்டு மாதம். ஆய்வறிக்கை எழுதும் கோடை மாதங்களிலும் வாடகை உண்டு, சாப்பாடு உண்டு. அதே தொகையைப் பன்னிரண்டால் பெருக்கினால் 14,052 பவுண்டு.

மருத்துவக் காப்பீட்டின் இடத்தில் அங்கே சுகாதாரக் கட்டணம் ஒன்றை விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே மொத்தமாகக் கட்ட வேண்டும். மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. இதைப் படிப்புக் காலத்துக்கு அல்ல, விசாக் காலத்துக்குக் கணக்கிடுவார்கள். ஓராண்டுப் படிப்பு முடிந்த பிறகும் நான்கு மாதம் விசா இருக்கும். அந்த மீதி மாதங்களுக்குப் பாதிக் கட்டணமாக 388 சேர்ந்து 1,164 பவுண்டு ஆகிறது.

மூன்றையும் கூட்டினால் 33,216 பவுண்டு. 115 ரூபாய் வீதம் 38 லட்சத்து 20 ஆயிரம். ஆனால் கூகுளில் தெரியும் அந்த 115 ரூபாய்க்கு எந்த வங்கியும் பவுண்டு விற்காது. வங்கி 117 ரூபாய் 30 காசுக்கு விற்றால், மொத்தத்தில் ஏறக்குறைய 76,400 ரூபாய் கூடிவிடும். இந்தத் தொகை எந்த ரசீதிலும் கட்டணம் என்ற பெயரில் வராது, விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். எனவே வங்கியில் "சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். "இன்றைக்கு டிடி செல்லிங் ரேட் என்ன?" என்று கேளுங்கள். அதே மணி நேரத்துச் சந்தை விலையை அதிலிருந்து கழித்து, வரும் தொகையை பவுண்டு எண்ணிக்கையால் பெருக்குங்கள். இரண்டு மூன்று வங்கிகளில் கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இதற்கு மேல் ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் நிலைக்கட்டணமும் ஜிஎஸ்டியும் உண்டு. வழியில் இடைநிலை வங்கி சில பவுண்டுகளைப் பிடித்துக்கொண்டால், பல்கலைக்கழகக் கணக்கில் அது பாக்கியாக நிற்கும். படிவத்தில் OUR என்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கட்டணத்தை நீங்களே இங்கே கட்டிவிடலாம். பாக்கி விழும் வாய்ப்பு குறைவு.

சொந்தப் பணத்திலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் அனுப்பினால், வங்கி டிசிஎஸ் வரி பிடிக்கும். இதைச் செலவில் சேர்க்க வேண்டாம். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் பணம் அனுப்பும் நாளில் அது கையில் இருந்தாக வேண்டும்.

ஆக, 20 லட்சத்து 70 ஆயிரத்தில் தொடங்கிய கணக்கு 39 லட்சத்தைத் தொட்டுவிட்டது. விமான டிக்கெட்டும் விசாக் கட்டணமும் இதில் சேரவில்லை. கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது எழுத வேண்டிய தொகை இந்த இரண்டாவது எண்தான்.