கன்டெய்னர் கேட்டைத் தாண்டினாலும் நிற்காத கணக்கு

சீனாவிலிருந்து 20 அடி கன்டெய்னரில் டைல்ஸ் வரவழைக்கும் ஒரு சிறு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். கப்பல் சென்னையை நெருங்கும்போது ஷிப்பிங் லைனின் ஏஜென்ட்டிடமிருந்து அவருக்கு அரைவல் நோட்டீஸ் வரும். கப்பல் பெயர், வந்துசேரும் உத்தேசத் தேதி, கன்டெய்னர் எண், கட்டவேண்டிய தொகைகள் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் அது வெறும் தகவல்தான். அதைக் காட்டிச் சரக்கை எடுக்க முடியாது.

சரக்கை எடுக்க டெலிவரி ஆர்டர், அதாவது டி.ஓ., வேண்டும். பில் ஆஃப் லேடிங்கின் அசலை ஒப்படைத்து, லைனின் கட்டணங்களைக் கட்டினால் டி.ஓ. கிடைக்கும். பணம் செலுத்தினால்தான் ஆவணம் என்ற ஏற்பாட்டில் அசல் வங்கியில் இருந்தால், முதலில் அங்கே பணத்தைக் கட்டி அதை மீட்க வேண்டும். ஏற்றிய துறைமுகத்திலேயே விற்றவர் அசலை ஒப்படைத்து, லைன் அதை உறுதிசெய்திருந்தால் இங்கே அசல் தேவையில்லை. கையில் இருப்பது ஃபார்வர்டர் கொடுத்த ஹவுஸ் பி.எல். என்றால் லைனிடம் நேராகப் போய்ப் பயனில்லை. ஃபார்வர்டரிடம்தான் டி.ஓ. வாங்க வேண்டும், அவருடைய கட்டணமும் தனி. பேரம் பேசும்போதே இந்தத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

கஸ்டம்ஸ் வேலை தனியாக நடக்கும். கிளியரிங் ஏஜென்ட் பில் ஆஃப் என்ட்ரி போட்டு, வரி கட்டி, அவுட் ஆஃப் சார்ஜ் வாங்குவார். இந்த அனுமதியும் நாள் தாண்டாத டி.ஓ.வும் இருந்து, சி.எஃப்.எஸ். கட்டணமும் கட்டியிருந்தால்தான் அங்கே கேட் பாஸ் போடுவார்கள்.

பணம் போவது இலவச நாட்களில்தான். கன்டெய்னர் 3ஆம் தேதி கப்பலிலிருந்து இறங்குகிறது. மறுநாளிலிருந்து 7 நாள் இலவசம் என்று லைன் சொல்லியிருக்கிறது. அப்படியானால் 10ஆம் தேதி கடைசி நாள். அன்று மாலையே கன்டெய்னர் சி.எஃப்.எஸ்.ஸை விட்டு வெளியேறுகிறது. தப்பித்தோம் என்று வியாபாரி நினைக்கிறார். ஆனால் டைல்ஸை இறக்க மறுநாள் முழுக்க ஆகிறது. காலி கன்டெய்னர் லைன் சொன்ன யார்டுக்கு 12ஆம் தேதிதான் போகிறது. லைனின் கணக்கு காலி திரும்பும்வரை ஓடும். நாளுக்கு 2,500 ரூபாய் டிடென்ஷன் என்று வைத்தால் இரண்டு நாளுக்கு 5,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. சி.எஃப்.எஸ். வாடகை இதில் சேராது. அதற்கு இலவச நாட்களும் வேறு, பில்லும் வேறு.

அதனால் நோட்டீஸ் வந்த அன்றே மூன்றைக் கேளுங்கள்: இலவச நாள் எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது, ஞாயிறும் விடுமுறையும் அதில் சேருமா, காலியை எந்த யார்டில் விடவேண்டும். யார்ட் தூரமாக இருந்தால் லாரிக்காரரிடம் அதையும் சேர்த்தே வாடகை பேசுங்கள். காலியை விடும்போது கன்டெய்னரின் நிலையைக் குறித்த ரசீதைக் கையோடு வாங்க வேண்டும். நசுங்கல், ஓட்டை என்று பிறகு பில் வந்தாலும், கட்டிய டெபாசிட்டைத் திரும்பக் கேட்டாலும் அந்த ரசீதைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.