3 மணி நேரம், 100 மார்க்: புராஜெக்ட் மேனேஜ்மென்ட் தேர்வில் கணக்கையும் கேஸையும் நேரத்துக்குள் முடிப்பது எப்படி?

கள்ளக்குறிச்சி பக்கம் எம்.பி.ஏ படிக்கிற பசங்ககிட்ட 'எந்த பேப்பர்ல டைம் பத்தல?'னு கேட்டா, புராஜெக்ட் மேனேஜ்மென்ட் பெயர் கண்டிப்பா வரும். பாடம் கஷ்டம்ங்கறதைவிட, பேப்பரோட அமைப்புதான் காரணம். ஒரே பேப்பர்ல நெட்வொர்க் வரைஞ்சு கணக்குப் போடணும், பக்கம் பக்கமா தியரி எழுதணும், கடைசியில ஒரு கேஸையும் அலசணும்.

அண்ணா பல்கலைக்கழகத் தேர்வையே எடுத்துக்குவோம். பகுதி ஏ-வில் பத்து இரண்டு மார்க் கேள்விகள், பகுதி பி-யில் ஐந்து 13 மார்க் கேள்விகள், பகுதி சி-யில் 15 மார்க்குக்கு ஒன்று. மொத்தம் 100 மார்க், 180 நிமிடம். ரெகுலேஷன் மாறினா இந்த அமைப்பும் மாறலாம். அதனால உங்க பேட்ச்சோட பழைய வினாத்தாளை ஒருமுறை பார்த்துக்குங்க. கீழே இருக்கிற கணக்கை எந்த அமைப்புக்கும் மாத்திப் போட்டுக்கலாம்.

ஒரு மார்க்குக்கு எத்தனை நிமிடம்?

180-ஐ 100-ஆல் வகுத்தா 1.8 நிமிடம். ஆனா அதை அப்படியே எடுத்துக்கக் கூடாது. கேள்வித்தாள் படிக்க 8 நிமிடமும், கடைசியில் கையிருப்பா 14 நிமிடமும் ஒதுக்கிட்டா, எழுத மிச்சம் 158 நிமிடம். மார்க்குக்கு ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல. 13 மார்க் கேள்விக்கு 21 நிமிடம், 15 மார்க் கேஸுக்கு 25 நிமிடம், பகுதி ஏ முழுசுக்கும் 28 நிமிடம்.

'ஏன் 14 நிமிடத்தைக் கடைசிக்குத் தள்ளணும், ஒவ்வொரு கேள்விக்கும் ரெண்டு நிமிடம் கூட்டிக்கலாமே?'னு தோணும். இதுக்கான பதில் நம்ம சிலபஸ்லயே இருக்கு. எலியாஹு கோல்ட்ராட் 1997-ல் எழுதிய 'கிரிட்டிக்கல் செயின்' புத்தகத்தோட மையக் கருத்தே இதுதான். ஒவ்வொரு வேலையிலும் தனித்தனியா கூடுதல் நேரம் ஒளிச்சு வெச்சா, அந்த வேலை அதையும் சேர்த்துத் தின்னுடும். அதையெல்லாம் திரட்டி கடைசியில் ஒரே இடத்தில் வெச்சாதான் எங்கே தாமதம் ஆனாலும் உதவும். தேர்விலும் அப்படித்தான். 23 நிமிடம்னு நினைச்சுட்டா 23 நிமிடமும் எழுதுவோம்.

கணக்குக்கு முடிவு உண்டு, கேஸுக்கு இல்லை

இந்தப் பேப்பர்ல நேரம் ரெண்டு விதமா கைநழுவும். கணக்கில், நடுவுல ஒரு எண் தப்பாகி அதைத் தேடிக்கிட்டே பத்து நிமிடம் போகும். கேஸில் தப்பே இருக்காது. ஆனா எழுத எழுத வந்துக்கிட்டே இருக்கும், எங்கே நிறுத்துறதுனு தெரியாது. ரெண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. முதல்ல கணக்கு.

நம்ம ஊரை வெச்சே ஒரு மாதிரிக் கேள்வி அமைப்போம். கல்வராயன் மலையில் ஒரு கிராமத்துச் சாலைக்கு சிறுபாலம் கட்டணும். வேலைகள் இவை:

- இடத்தைச் சுத்தம் செய்வது: 2 நாள்
- பைப், ஜல்லியை மலைக்கு ஏற்றுவது: 5 நாள் (முதல் நாளே தொடங்கலாம்)
- குழி தோண்டுவது: 4 நாள் (சுத்தம் செய்த பிறகு)
- அடித்தளக் கான்கிரீட்: 6 நாள் (குழியும் பொருளும் தயாரான பிறகு)
- அணுகுசாலைக்கு மண் நிரப்புவது: 5 நாள் (குழி தோண்டிய பிறகு)
- பைப் பதித்து சுவர் கட்டுவது: 4 நாள் (கான்கிரீட் முடிந்த பிறகு)
- சாலை போட்டு முடிப்பது: 3 நாள் (சுவரும் மண் நிரப்பலும் முடிந்த பிறகு)

முன்னோக்கிக் கணக்குப் போட்டா, சுத்தம் 2-ல் முடியும், குழி 6-ல், கான்கிரீட் 12-ல், சுவர் 16-ல், சாலை 19-ல். இதுதான் கிரிட்டிக்கல் பாத், மொத்தம் 19 நாள். பொருள் ஏற்றுவதற்கு 1 நாள் ஸ்லாக், மண் நிரப்புவதற்கு 5 நாள் ஸ்லாக்.

பின்னோக்கி வரும்போதுதான் பலர் தடுமாறுவாங்க. குழி தோண்டுவதற்குப் பிறகு ரெண்டு வேலை இருக்கு. கான்கிரீட் 6-க்குள் தொடங்கியாகணும், மண் நிரப்பலை 11-ல்கூடத் தொடங்கலாம். ரெண்டில் சிறியதான 6-ஐ எடுத்தா, குழியோட கடைசித் தொடக்கம் 2, சுத்தம் செய்வதோட கடைசித் தொடக்கம் 0. அவசரத்துல 11-ஐ எடுத்தா, சுத்தம் செய்வதோட தொடக்கம் 5-னு வந்து நிற்கும். பின்னோக்கி வந்து முடிக்கும்போது தொடக்கத்தில் 0 கிடைக்கலைன்னா, எங்கேயோ தப்பு இருக்குனு அர்த்தம். முழுக் கணக்கையும் திரும்பப் போட வேண்டாம். ஒரு வேலையிலிருந்து ரெண்டு அம்பு பிரியும் இடங்களை மட்டும் பாருங்க. பெரும்பாலும் தப்பு அங்கேதான் இருக்கும்.

அடுத்து கிராஷிங். மழைக்கு முன்னாடி, 17 நாளில் முடிக்கணும்னு கேட்கிறாங்க. ஒரு நாள் குறைக்க ஆகும் கூடுதல் செலவு: பொருள் ஏற்றுவது ₹1,000, சுவர் ₹2,500, கான்கிரீட் ₹3,000, குழி ₹4,000. ஒவ்வொன்றிலும் ஒரு நாள்தான் குறைக்க முடியும். ஆயிரம் ரூபாயைப் பார்த்ததும் கை அங்கே போகும். ஆனா அது கிரிட்டிக்கல் பாத்தில் இல்லை. அதைக் குறைச்சா காசு போகுமே தவிர, 19 நாள் 19 நாளாவே இருக்கும். சுவரில் ஒரு நாள், கான்கிரீட்டில் ஒரு நாள். செலவு ₹5,500, விடை 17 நாள்.

இந்த 21 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: நெட்வொர்க் வரைய 5, முன்னோக்கி-பின்னோக்கிக் கணக்குக்கு 5, ஸ்லாக் அட்டவணைக்கு 4, கிராஷிங்குக்கு 5, சரிபார்க்க 2. 21-வது நிமிடத்தில் முடியலைன்னா, மிச்சம் என்ன செய்யணும்ங்கிறதை ரெண்டு வரியில் எழுதிட்டு, அரைப் பக்கம் இடம் விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க. வழிமுறை சரியா இருந்தா அதுக்கு மார்க் கிடைக்க வாய்ப்பு இருக்கு. கடைசி 14 நிமிடத்தில் வந்து முடிச்சுக்கலாம்.

கேஸை ஒரு எண்ணில் கட்டுங்க

கேஸ் கொடுத்தா முதல்ல கதையைப் படிக்காதீங்க. கதைக்கு அடியில் இருக்கும் கேள்வியைப் படிங்க. அப்புறம் கதையைப் படிச்சா, எந்த வரி தேவை, எது சும்மா நிரப்பினதுன்னு தானா தெரியும்.

அதே சிறுபாலம் கேஸா வருதுன்னு வெச்சுக்குவோம். மொத்த பட்ஜெட் ₹10 லட்சம். பத்தாம் நாள் 60 சதவிகிதம் முடிஞ்சிருக்கணும், ஆனா முடிஞ்சது 45 சதவிகிதம். செலவானது ₹5.4 லட்சம். லாரி மலையேறத் தாமதம், ஆள் பற்றாக்குறை, மரவள்ளி அறுவடை நேரத்தில் சாலையை மூடக் கூடாதுன்னு ஊர்க்காரங்க கோரிக்கை என்று ஒரு பக்கக் கதை.

நேரா 'தகவல் தொடர்பு முக்கியம்'னு தொடங்கினா மூணு பக்கம் ஓடிடும். அதுக்குப் பதிலா முதல் மூணு நிமிடத்தில் எண்ணைப் போடுங்க. செய்த வேலையோட மதிப்பு ₹4.5 லட்சம். திட்டமிட்ட ₹6 லட்சத்தால் வகுத்தா 0.75, அதாவது வேலை பின்தங்கியிருக்கு. செலவான ₹5.4 லட்சத்தால் வகுத்தா 0.83, அதாவது காசும் கூடுதலா போகுது. இதே வேகத்தில் போனா மொத்தச் செலவு ₹12 லட்சம் ஆகும். இப்போ உங்க விடைக்கு ஒரு முதுகெலும்பு கிடைச்சாச்சு: தாமதம், ₹2 லட்சம் கூடுதல் செலவு. இதுக்கு என்ன காரணம், என்ன மாற்று வழிகள், எதைப் பரிந்துரைக்கிறீங்க, அதில் என்ன ரிஸ்க் என்று நாலு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் நாலு நிமிடம்.

எழுதும்போது ஒரு சோதனை. நீங்க எழுதிய பத்தியை வேற எந்தக் கேஸுக்கும் அப்படியே ஒட்ட முடியும்னா, அந்தப் பத்தி இங்கே வேண்டாம். லாரி, மரவள்ளி, மழை ஆகியவற்றில் ஒன்றாவது பத்திக்குள் வரணும்.

தாமதமாயிட்டா எதைக் குறைப்பது?

10 மணிக்குத் தொடங்குற தேர்வுன்னா கடிகாரம் இப்படி ஓடணும். பகுதி பி-யில் ரெண்டு கணக்கு, மூணு தியரின்னு வெச்சுக்குவோம்.

- 10.00 – 10.08: படித்து, எதை எழுதுவது என்று முடிவு செய்தல்
- 10.08 – 10.36: பகுதி ஏ
- 10.36 – 11.18: ரெண்டு கணக்குகள்
- 11.18 – 11.43: கேஸ்
- 11.43 – 12.46: மூணு தியரி
- 12.46 – 1.00: கையிருப்பு

ஹாலுக்குள் போன் கிடையாது, அதனால சாதாரண கைக்கடிகாரம் வேணும். இதில் 11.43 முக்கியமான செக்பாயின்ட். அப்போ மணி 11.58-னா, 15 நிமிடம் பின்தங்கிட்டீங்க. கிராஷிங் விதியை இங்கே பயன்படுத்துங்க: எங்கே ஒரு நிமிடம் குறைச்சா குறைவான மார்க் போகுமோ, அங்கேதான் குறைக்கணும். கணக்கில் கடைசி 5 நிமிடத்தை வெட்டினா விடையே போயிடும். தியரியில் கடைசி 5 நிமிடம் பெரும்பாலும் முன்னாடி எழுதினதை நீட்டுறதுதான். மூணு தியரியையும் 16 நிமிடமாக்கினா அந்த 15 நிமிடம் திரும்ப வந்துடும், கையிருப்பும் அப்படியே இருக்கும். தியரிகளைக் கடைசியில் வெச்சதுக்குக் காரணமே இதுதான்.

தொடக்கத்துல அந்த 8 நிமிடப் படிப்பை மிச்சம் பிடிக்கிறது, பொருள் ஏற்றுவதைக் குறைச்ச மாதிரி. மலிவாத் தெரியும், ஆனா பலன் இருக்காது. அல்லது/அல்லது கேள்வியில் தப்பானதைத் தேர்ந்தெடுத்து பாதியில் அடிச்சுட்டு வந்தா, 8 நிமிடத்துக்கு மேலயே போயிடும்.

உங்க 21 நிமிடம் உண்மையானதா?

இதைத் தேர்வுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிடலாம். பழைய வினாத்தாளில் கிராஷிங் கணக்கு சிலவற்றை வேற வேற நாளில் டைமர் வெச்சுப் போடுங்க. நெட்வொர்க், முன்-பின் கணக்கு, அட்டவணை, கிராஷிங் என்று ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் நிமிடத்தை ஓரத்தில் குறிங்க. உதாரணமா, மிக வேகமா முடிச்சது 17 நிமிடம், வழக்கமா 21, மோசமான நாளில் 31-னு வருது. பெர்ட் சூத்திரப்படி வழக்கமானதை நாலால் பெருக்கி, மத்த ரெண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தா 22 நிமிடம். உங்களுக்கு உண்மையில் தேவை 22. ரெண்டு கணக்குக்கும் சேர்த்து 2 நிமிடம் கையிருப்பிலிருந்து போகும், 12 மிஞ்சும். சமாளிக்கலாம்.

அதே விடை 28-னு வந்தா, 14 நிமிடக் கையிருப்பை அந்த ரெண்டு கணக்கே முழுங்கிடும். அப்போ ஓரத்தில் குறிச்ச நிமிடங்களைப் பாருங்க. நெட்வொர்க் வரையவே 8 நிமிடத்துக்கு மேல ஆகுதுன்னா, சூத்திரத்தை மறுபடி மனப்பாடம் பண்றதில் பயன் இல்லை. முன் வேலை-பின் வேலை பட்டியலைப் பார்த்து, அடித்தல் திருத்தல் இல்லாம படம் வரையறதை மட்டும் தனியா பத்துத் தடவை பழகுங்க. நேரம் போறது அங்கேதான்.